சொன்ன ரீஃபண்ட் வரவில்லையா? சார்ஜ்பேக் நடைமுறை இயங்கும் விதம்

ஆன்லைனில் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பிய பிறகு, பணம் வந்துவிடும் என்று மின்னஞ்சலில் உறுதியளித்த விற்பனையாளர் அதன்பின் பதிலே தருவதில்லை என்றால், கார்டில் பணம் செலுத்தியவருக்கு சார்ஜ்பேக் என்றொரு வழி உண்டு. கார்டு வழங்கிய வங்கி, விசா போன்ற கார்டு நிறுவனத்தின் விதிகளின்படி, விற்பனையாளரின் வங்கியிடமிருந்து தொகையைத் திரும்பக் கோருவதே இந்த நடைமுறை. இதில் நாம் விற்பனையாளரிடம் வாதாடுவதில்லை. நம் வங்கி அவருடைய வங்கியிடம் வாதாடுகிறது. அதற்கான ஆதாரத்தைத் தருவது மட்டும் நம் பொறுப்பு.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஒருவர் மார்ச் 3 அன்று விசா கிரெடிட் கார்டில் 8,400 ரூபாய்க்கு ஒரு நாற்காலி வாங்குகிறார். கால் வளைந்திருந்ததால் 12ஆம் தேதி கூரியரிடம் திருப்பிக் கொடுக்கிறார். 16ஆம் தேதி, "பொருள் கிடைத்தது, ஏழு வேலை நாட்களில் ரீஃபண்ட் வரும்" என்று விற்பனையாளர் எழுதுகிறார். மாத இறுதி வரை எதுவும் வரவில்லை.

முதலில் அவர் செய்யவேண்டியது, ரீஃபண்ட் உண்மையிலேயே அனுப்பப்படவில்லையா என்று உறுதிசெய்துகொள்வது. அனுப்பியதாக விற்பனையாளர் சொன்னால், அந்தப் பரிவர்த்தனையின் ஏ.ஆர்.என். எனப்படும் 23 இலக்க எண்ணைக் கேட்க வேண்டும். அதைக் கொண்டு பணம் எங்கே நிற்கிறது என்று நம் வங்கியால் தேட முடியும். அந்த எண்ணைத் தராமல் இழுத்தடித்தால், பணத்தை அனுப்பவே இல்லை என்ற சந்தேகம் வலுக்கிறது. அதன்பின் ஒரு கெடு தேதி குறிப்பிட்டு, கடைசியாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டும். விற்பனையாளரிடம் நேரடியாகத் தீர்க்க முயன்றதற்கு இதுவே சான்று.

அடுத்தது நாட்கணக்கு. இத்தகைய புகாருக்கு விசா விதிகள் பொதுவாக 15 நாள் காத்திருப்பும் 120 நாள் உச்சவரம்பும் வைத்திருக்கின்றன. மார்ச் 16 முதல் எண்ணினால் மார்ச் 31க்குப் பிறகு கதவு திறக்கிறது, ஜூலை 14இல் மூடுகிறது. வாங்கிய நாளிலிருந்து எண்ணிவிட்டால் ஜூலை 1 வரைதான் என்பதால், இந்த முன்தேதியையே கெடுவாகக் கொள்வது பாதுகாப்பு. "இன்னும் பத்து நாள் பொறுங்கள்" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடும் விற்பனையாளர்கள் பெரும்பாலும் இந்தக் கெடுவைத்தான் கரைக்கிறார்கள்.

வங்கியின் செயலியிலோ கிளையிலோ டிஸ்ப்யூட் படிவம் நிரப்பும்போது, காரணத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள். "இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை" என்பதைக் குறித்தால், ஓ.டி.பி. போட்டுச் செலுத்திய பதிவு ஒன்றே புகாரை வீழ்த்திவிடும்; கார்டும் முடக்கப்படும். நமக்குரிய காரணம், ரீஃபண்ட் தரப்படவில்லை என்பது. படிவத்தில் பெரும்பாலும் Credit Not Processed என்றிருக்கும். விளக்கத்தைக் கோபமின்றி, நாள்வாரியாக ஐந்தாறு வரிகளில் எழுதினால் போதும். அதனுடன் ஆர்டர் ரசீது, கூரியர் ஒப்புகை, மார்ச் 16 மின்னஞ்சல், கடைசி நினைவூட்டல் ஆகியவற்றை இணைக்க வேண்டும். இவற்றுள் எடை கூடியது அந்த மின்னஞ்சல். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று தளத்தில் எழுதியிருந்தாலும், ரீஃபண்ட் தருவதாகப் பின்னர் எழுத்தில் ஒப்புக்கொண்டவர் அந்த விதியின் பின்னால் ஒளிவது கடினம். தொலைபேசியில் சொன்ன வாக்குக்கு இந்த வலிமை இல்லை; அதனால், பேசி முடித்தவுடன் "நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவைப்பது நல்லது.

புகாரை ஏற்றபின் வங்கி பெரும்பாலும் 8,400 ரூபாயைத் தற்காலிகமாக வரவு வைக்கும். அதைக் கண்டு வழக்கு முடிந்தது என்று எண்ணக்கூடாது. விற்பனையாளர் குறிப்பிட்ட காலத்துக்குள் மறுப்பும் ஆதாரமும் அனுப்பினால் அந்த வரவு திரும்ப எடுக்கப்படலாம். அப்போது வங்கி நம்மிடம் பதில் கேட்கும், அதற்குக் கிடைக்கும் அவகாசம் குறைவு. வழக்கமாக வரும் மறுப்புகள் இரண்டு: பொருள் எங்களுக்கு வந்து சேரவில்லை, அல்லது ரீஃபண்டுக்குப் பதிலாகக் கூப்பனை வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டார். முதலாவதை கூரியர் ஒப்புகை முறிக்கும். இரண்டாவதற்கு, கூப்பனைப் பயன்படுத்தாமலும் வேண்டாம் என்று எழுதியும் வைத்திருக்க வேண்டும். இடையில் விற்பனையாளரே பணம் அனுப்பிவிட்டால் வங்கியிடம் உடனே சொல்லிவிட வேண்டும். ஒரே பொருளுக்கு இருமுறை பணம் பெற நமக்கு உரிமையில்லை.

புகாரை வங்கி தவறாகக் கையாண்டாலோ 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகக் கட்டணமின்றி முறையிடலாம். ஆனால் அங்கே விசாரிக்கப்படுவது வங்கியின் சேவைக் குறைபாடு மட்டுமே. விற்பனையாளர் மீதான புகாருக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.