கண்ணை இழுக்கும் கருமை

படிக்கும்போது நம் கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவிப் போகிறது. ஒவ்வொரு தாவலுக்கும் நடுவில் ஏறக்குறைய கால் நொடி நிற்கும். அப்போது பார்வையின் மையத்தில் விழும் சில எழுத்துகள்தான் கூர்மையாகத் தெரியும், சுற்றியுள்ளவை மங்கல். ஆனால் மங்கலிலும் கருமை தெரியும். அதனால்தான் தடித்த எழுத்து வேலை செய்கிறது. சொல் என்னவென்று தெரிவதற்கு முன்பே அதன் கருமை கண்ணை இழுத்துவிடுகிறது.

உளவியல் ஆய்வாளர்கள் ஆன் ட்ரீஸ்மனும் கேரி கெலேடும் 1980இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. தேடும் எழுத்து நிறம் போன்ற ஒரே அடையாளத்தால் தனித்து நின்றால், சுற்றிலும் எத்தனை எழுத்துகள் இருந்தாலும் தேடும் நேரம் பெரிதாகக் கூடுவதில்லை. தனித்து நிற்கும் வரைதான் இந்தச் சலுகை. பத்தியில் பாதி தடித்துவிட்டால் கண் ஒவ்வொன்றாகத்தான் பார்த்துப் போக வேண்டும்.

சரி, ஓர் அறிவிப்பை எடுத்துக்கொள்வோம்:

"நாளை காலை 8 மணிக்கு ரத்தப் பரிசோதனைக்கு வருபவர்கள், இன்று இரவு 10 மணிக்குப் பிறகு எதுவும் சாப்பிட வேண்டாம். தண்ணீர் குடிக்கலாம். பழைய ரிப்போர்ட் இருந்தால் கொண்டுவரவும்."

இதில் நாள், நேரம், தண்ணீர், ரிப்போர்ட் என எல்லாவற்றையும் தடிக்கத்தான் முதலில் கை போகும். எதைத் தவறவிட்டால் பரிசோதனையே வீணாகும் என்று கேட்டுப் பார்த்தால் ஒன்றுதான் மிஞ்சுகிறது, சாப்பிடக் கூடாத நேரம். அதற்காக "10 மணி" என்பதை மட்டும் தடித்தால், மேலோட்டமாகப் பார்ப்பவர் அதை வரவேண்டிய நேரம் என்று எடுத்துக்கொள்ளலாம். தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. "வேண்டாம்" விடுபட்டால் பொருளே தலைகீழ். ஆகவே இரவு 10 மணிக்குப் பிறகு எதுவும் சாப்பிட வேண்டாம் என்பது முழுவதும் தடித்திருக்க வேண்டும். மற்றவை சாதாரண எழுத்திலேயே இருக்கட்டும். "மணிக்கு" போன்ற சொல்லில் வேற்றுமை உருபை வெளியே விட்டுப் பாதியைத் தடிப்பதும் கூடாது. கண் அந்த இடத்தில் இடறும்.

தமிழுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ண, ணை, றை போன்றவற்றின் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை இடம் ஏற்கெனவே குறைவு. கோடு தடிக்கும்போது அது அடைபட்டு, சிறிய அளவில் ன, ண வேறுபாடே மங்கும். எழுத்துருவில் தனியான தடித்த வடிவம் இல்லையென்றால், பல மென்பொருள்கள் இருக்கும் கோட்டையே செயற்கையாகப் பருமனாக்கிக் காட்டும். அப்போது அடைப்பு இன்னும் மோசம்.

எழுதி முடித்ததும் நான் இரண்டு முறை பார்ப்பேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒன்றிரண்டு கரிய திட்டுகள் மட்டும் தெரிய வேண்டும். அப்புறம் தடித்தவற்றை மட்டும் வரிசையாகப் படிப்பேன். அவை தனியாகப் பொருள் தராவிட்டாலோ தவறான பொருள் தந்தாலோ, தடித்த இடத்தை மாற்றிவிடுவேன்.