வாரக் கணக்கு புதன்கிழமை தொடங்குவதில்லை: டைம்ஷீட்டை பிவட் டேபிளில் போடுபவர்களுக்கு

"சார், மொத்தம் டேலி ஆகுது, அப்புறம் எப்படி தப்பாகும்?" சம்பளக் கணக்கு பார்க்கும் என்னிடம் மாதக் கடைசியில் தவறாமல் வரும் கேள்வி இது. இந்த மாதமும் அப்படி ஒரு எக்செல் ஃபைல் வந்தது. ஒரு மாத டைம்ஷீட்டை பிவட் டேபிளில் போட்டு, ஊழியர் வாரியாக, வாரவாரியாகப் பிரித்திருந்தார்கள். மொத்தம் சரியாகவே இருந்தது. வாரங்கள்தான் ஒன்றுகூடச் சரியாக இல்லை.

மொத்தம் டேலி ஆவது எதற்குமே சாட்சி இல்லை. அரிசியை எந்தப் படியில் அளந்தாலும் மூட்டையின் எடை மாறாது. வாரத்தை நீங்கள் எங்கே வெட்டினாலும் மாத மொத்தம் அதேதான். வார எல்லை வைத்திருக்கும் இடத்தில் ஓவர்டைம் மாத மொத்தத்தில் தெரியாது, வாரத்தில்தான் தெரியும். வெட்டிய இடம் தவறினால் ஒருவரின் ஓவர்டைம் தடமே இல்லாமல் மறைந்துவிடும்.

எப்படி என்று 2025 அக்டோபரை வைத்தே பார்ப்போம். அக்டோபர் 1 புதன்கிழமை. ஓர் ஊழியர் 1, 2, 3 தேதிகளில் தலா 8 மணி நேரம் வேலை பார்த்தார். 6 முதல் 10 வரை, அதாவது திங்கள் முதல் வெள்ளி வரை, தினமும் 10 மணி நேரம். அடுத்த வாரம் 13, 14 தேதிகளில் 6 மணி, 15 முதல் 17 வரை 8 மணி. நிறுவனத்தில் வாரம் திங்களில் தொடங்குகிறது, வார எல்லை 48 மணி என்று வைத்துக்கொள்வோம்.

பிவட் டேபிளில் ஊழியர் பெயரை Rows-இலும், தேதியை Columns-இலும், மணி நேரத்தை Values-இலும் போடுகிறீர்கள். இதில் யாருக்கும் சிக்கல் வருவதில்லை. தேதி ஒன்றின் மேல் ரைட் கிளிக் செய்து Group கொடுத்து, Days மட்டும் தேர்ந்தெடுத்து, Number of days என்ற இடத்தில் 7 போடுகிறீர்கள். Months-உம் சேர்ந்து தேர்வாகியிருந்தால் அந்தப் பெட்டி வேலை செய்யாது, அதை எடுத்துவிட வேண்டும். இதுவரை எல்லோரும் சரியாகத்தான் செய்கிறார்கள். அதே பெட்டியில் மேலே இருக்கும் Starting at பக்கம்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எக்செல்லுக்கு உங்கள் அலுவலகத்தின் வாரம் எது என்று தெரியாது. டேட்டாவில் உள்ள முதல் தேதியை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து ஏழேழு நாளாக எண்ணும். ஆகவே இங்கே முதல் வாரம் 1 முதல் 7 வரை, அடுத்தது 8 முதல் 14 வரை. புதன் முதல் செவ்வாய் வரை ஒரு வாரம்! இந்த ஊழியருக்கு முதல் வாரத்தில் 44 மணி, இரண்டாம் வாரத்தில் 42 மணி என்று காட்டும். இரண்டுமே 48-க்குள். ஓவர்டைம் இல்லை என்று கையெழுத்தாகிவிடும்.

உண்மையில் 6 முதல் 12 வரையிலான வாரத்தில் அவர் உழைத்தது 50 மணி நேரம். அந்த 50 உங்கள் அறிக்கையில் எங்குமே இல்லை. அவர் வந்து கேட்டால்கூட, ஷீட்டைக் காட்டி "இல்லையேம்மா" என்பீர்கள்.

Starting at பெட்டியில் 29-09-2025 என்று நீங்களே டைப் செய்யுங்கள். மாதத்தின் முதல் தேதிக்கு முன்னால் வரும் திங்கள் அது. 44-உம் 42-உம் போய், 24, 50, 36 என்று வரும்.

மாதாமாதம் இந்தத் தேதியை நினைவு வைத்துக்கொள்ள வேண்டாம் என்றால், டேட்டாவிலேயே ஒரு column கூட்டிக்கொள்வது மேல். நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். தேதி A column-இல் இருந்தால்:

```
=INT(A2)-WEEKDAY(A2,2)+1
```

எந்தத் தேதியைக் கொடுத்தாலும் அந்த வாரத்தின் திங்கள்கிழமையை இது தரும். விடை ஏதோ ஓர் எண்ணாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், தேதி ஃபார்மட் கொடுத்தால் போதும். பிவட் டேபிளின் Columns-இல் தேதிக்குப் பதிலாக இந்த column-ஐப் போடுங்கள். எக்செல் தானாக மாதவாரியாகச் சேர்த்துவிட்டால் ரைட் கிளிக் செய்து Ungroup கொடுங்கள். WEEKNUM போட்டு வார எண் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2025 டிசம்பர் 29-இல் தொடங்கும் வாரத்தை அது டிசம்பரில் 53 என்றும் ஜனவரியில் 1 என்றும் இரண்டாகப் பிளந்துவிடும். திங்கள்கிழமைத் தேதி அப்படிப் பிளக்காது.

இப்போது அந்த 24-ஐப் பாருங்கள். அது முழு வாரம் இல்லை. செப்டம்பர் 29, 30 இரண்டு நாளும் போன மாத ஃபைலில் கிடக்கின்றன. அந்த நாட்களில் அவர் தலா 13 மணி நேரம் நின்றிருந்தால் அந்த வாரமும் 50 ஆகியிருக்கும். "ஒரு மாத டேட்டா" என்று 1 முதல் 31 வரை மட்டும் எடுத்து வாரக் கணக்குப் போடாதீர்கள். முதல் வாரத்தின் திங்களிலிருந்து கடைசி வாரத்தின் ஞாயிறு வரை, இங்கே செப்டம்பர் 29 முதல் நவம்பர் 2 வரை, எடுங்கள். மாதம் முடிந்ததுமே அறிக்கை கொடுத்தாக வேண்டும் என்றால் கடைசி வாரத்தின் மேல் "முடியவில்லை" என்று எழுதிவையுங்கள். மாத மொத்தத்துக்குத் தனி பிவட் டேபிள் போடுங்கள், இதிலிருந்து எடுக்காதீர்கள்.

இன்னொன்று. மணி நேரத்தை 8:30 என்ற மாதிரி நேரமாகவே பதிபவர்கள் இருக்கிறார்கள். அங்கே 50 மணி நேரம் 2:00 என்று தெரியும், 24-ஐத் தாண்டியதும் கடிகாரம் போல மறுபடி தொடங்கிவிடுவதால். உள்ளே இருக்கும் கணக்கு சரி, காட்டுவதுதான் தவறு. Value Field Settings போய், Number Format-இல் Custom எடுத்து `[h]:mm` என்று கொடுங்கள். சதுர அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள்.

Values-இல் போட்டதும் Sum வராமல் Count வந்தால், உடனே Sum-ஆக மாற்றிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், தயவுசெய்து. மணி நேர column-இல் எங்கோ ஒரு காலி இடமோ, "8 மணி" என்று எழுத்தாகப் பதிந்ததோ இருக்கிறது என்று எக்செல் சொல்கிறது. Sum ஆக்கினால் எழுத்தாக இருப்பது பூஜ்யமாகிவிடும், அந்த நாள் உழைப்பு போயிற்று. மணி நேரம் C column-இல் இருந்தால்:

```
=COUNTA(C2:C500)-COUNT(C2:C500)
```

காலி இடத்தை இது எண்ணாது, அதைத் தனியே பாருங்கள். பூஜ்யம் தவிர வேறு எது வந்தாலும், எண்ணாக இல்லாத அத்தனை பதிவுகளைத் தேடித் திருத்துங்கள். திருத்தியபின் பிவட் டேபிளில் ரைட் கிளிக் செய்து Refresh கொடுக்க வேண்டும். அதுவாக மாறாது.

கையெழுத்துக்கு அனுப்புமுன் எல்லையை ஒட்டி வரும் எண்கள் ஒவ்வொன்றின் மேலும் டபுள் கிளிக் செய்யுங்கள். அந்த 50-இன் மேல் செய்தால் புதிய ஷீட் ஒன்று திறந்து, அது எந்த ரோக்களிலிருந்து வந்தது என்று காட்டும்: 6, 7, 8, 9, 10, தலா 10 மணி நேரம். தேதிகள் திங்கள் முதல் ஞாயிறுக்குள் இருக்கின்றனவா, ஒரே நாள் இரண்டு முறை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பார்த்தபின் அந்த ஷீட்டை அழித்துவிடலாம்.