உலர்ந்த துணியால் துடைக்கக் கூடாத தூள்: பூஞ்சை வித்துக்கள் பரவும் விதம்

ஈரம் ஊறிய சுவரிலோ அழுகும் பழத்திலோ பச்சை, கறுப்பு, சாம்பல் நிறத் திட்டு கண்ணில் படும்போது, பூஞ்சை அப்போதுதான் வரத் தொடங்கியிருக்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பூஞ்சையின் உடலான இழைகள் பெரும்பாலும் நிறமற்றவையாகவோ வெண்மையாகவோ இருக்கும். நாம் காணும் நிறம் பெரும்பாலும் முதிர்ந்த வித்துக்களுடையது. எனவே நிறம் தெரிகிறதென்றால், பரவுவதற்கான ஏற்பாடு முடிந்துவிட்டது என்றே நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணியாற்றும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

அத்தகைய ஒரு திட்டின் மீது ஒளிபுகும் ஒட்டுநாடாவை மெல்ல அழுத்தி எடுத்து, லாக்டோஃபீனால் காட்டன் புளூ என்னும் நீலச் சாயத்துளியின் மேல் ஒட்டி, நுண்ணோக்கியில் நானூறு மடங்கு உருப்பெருக்கத்தில் பார்ப்பது எங்கள் வழக்கம். திட்டு அஸ்பர்ஜில்லஸ் வகையைச் சேர்ந்ததாக இருந்தால், நிமிர்ந்த ஒரு காம்பும், அதன் நுனியில் உருண்டு பருத்த தலையும், தலையைச் சூழ்ந்து நிற்கும் குப்பி வடிவ செல்களும் தெரியும். ஒவ்வொரு குப்பியின் வாயிலிருந்தும் வித்துக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்து சங்கிலியாக நீளும். புதியது அடியில் பிறக்க, பழையது நுனிக்குத் தள்ளப்படும். உறை எதற்குள்ளும் அடைபடாமல் வெளியே பிறக்கும் இவ்வித்துக்களுக்குக் கொனிடியம் என்று பெயர். அஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸின் கொனிடியம் ஏறத்தாழ 2 முதல் 3.5 மைக்ரான் குறுக்களவே உடையது என்பதால், மூக்கையும் தொண்டையையும் கடந்து நுரையீரலின் காற்றறைகள் வரை செல்ல வல்லது. ஆரோக்கியமானவர்களின் உடல் அதை அகற்றிவிடும். நோய் எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்தவர்களிடம் அது முளைத்துத் திசுக்களை ஊடுருவலாம்.

இந்தக் கொனிடியங்களின் மேற்பரப்பில் ஹைட்ரோஃபோபின் என்ற புரதப் படலம் இருப்பதால் அவை நீரில் எளிதில் நனைவதில்லை. இலேசான காற்றசைவிலேயே சங்கிலியிலிருந்து உதிர்ந்து பறக்கின்றன. உலர்ந்த துணியாலோ துடைப்பத்தாலோ தட்டினால் நாமே விதைத்துவிடுவதாகும். சோப்புக் கரைசலில் நனைத்த துணியே ஏற்றது, ஏனெனில் சோப்பு அந்த நீர்விலக்கத்தைக் குறைத்து வித்துக்களைத் துணியோடு பிடித்துக்கொள்ளும். ஆயினும் கசிவை அடைக்காதவரை திட்டு திரும்ப வரும்.

எல்லாப் பூஞ்சணங்களும் இப்படி உலர்தூளாகப் பரவுவதில்லை. ரைசோபஸில் வித்துக்கள் உருண்டையான ஒரு பைக்குள் உருவாகி, அதன் மெல்லிய சுவர் சிதையும்போதே வெளிப்படுகின்றன. ஃபியூசேரியமோ பிறை வடிவப் பெரிய கொனிடியங்களைப் பிசுபிசுப்பான துளியில் திரட்டி வைப்பதால், அவை காற்றைவிட நீர்த்தெறிப்பின் வழியாகவே அதிகம் பரவுகின்றன.

ஈஸ்டுகளின் கதை வேறு. அவை பெரும்பாலும் அரும்புவிட்டே பெருகுகின்றன. அந்த அரும்பும் வித்து என்ற கணக்கில் சேர்க்கப்பட்டாலும், பறப்பதற்கு அமைந்ததன்று. ரொட்டி ஈஸ்ட்டில் உணவு வற்றும்போது செல்லே ஒரு பையாக மாறி, குன்றல் பிரிவின் வழியாகப் பொதுவாக நான்கு ஆஸ்கோவித்துக்களை உள்ளே அடக்கிக்கொள்ளும். மனிதரில் நோய் உண்டாக்க வல்ல ஈஸ்ட்டான கேண்டிடா அல்பிகன்ஸ், சோளமாவு அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் டுவீன் 80 என்ற பரப்பு இழுவிசை குறைக்கும் பொருளைச் சேர்த்து ஏறத்தாழ 25 பாகை செல்சியஸில் வளர்க்கும்போது, இழைகளின் நுனியில் தடித்த சுவருடைய உருண்டையான கிளாமிடோவித்துக்களைத் தோற்றுவிக்கும். அவற்றின் பயன் எங்களுக்கு இனங்காண்பதில்தான். நோய் பரவுவதில் அவற்றுக்குப் பங்கு இருப்பதாகத் தெரியவில்லை.

காளானோ தன் வித்தை எறிகிறது. குடையின் அடியிலுள்ள செவுள்களில் பசிடியம் என்ற செல்கள் வரிசையாக நிற்க, ஒவ்வொன்றின் நுனியிலும் பொதுவாக நான்கு மெல்லிய முளைகளில் நான்கு வித்துக்கள் அமர்ந்திருக்கும் (பயிரிடப்படும் மொட்டுக்காளானில் பெரும்பாலும் இரண்டே). வித்தின் அடியில் நீராவி குளிர்ந்து ஒரு நுண்துளி திரளும். அது வித்தின் மேலுள்ள நீர்ப்படலத்தைத் தொட்டதும் பரப்பு இழுவிசையால் சட்டென அதனுடன் கலக்க, அந்த உந்துதலில் வித்து செவுளிலிருந்து தெறிக்கும். இந்த எறிதல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தொலைவே செல்லும். எதிர்ச்செவுளில் மோதாமல் இடைவெளியில் நேராக விழ அது போதும், பிறகு காற்று ஏந்திக்கொள்ளும்.

அறைக் காற்றை உறிஞ்சி ஒட்டுப்பசை பூசிய கண்ணாடித் தகட்டில் படியவைத்துப் பார்க்கும்போது இவை பலவும் ஒன்றாகக் கிடக்கும். காளான் வித்தை, முளையில் ஒட்டியிருந்த இடத்திலுள்ள சிறு கூர்நுனி பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் காம்பிலிருந்து உதிர்ந்த அஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் வித்துக்கள் இரண்டும் சிறு உருண்டைகளே என்பதால், அறிக்கையில் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறோம். பிரித்தறிய வேண்டுமானால் வளர்ப்பு ஊடகத்தில் சில நாள்கள் வளர்த்தாக வேண்டும். அதில் உயிருள்ளவை மட்டுமே முளைக்கும், தகட்டிலோ இறந்தவையும் எண்ணப்படும். ஒவ்வாமையைத் தூண்ட இறந்த வித்தும் போதுமென்பதால், ஆஸ்துமா உள்ளவரின் அறைக்குத் தகட்டின் எண்ணிக்கையையும், எதிர்ப்பாற்றல் குன்றிய நோயாளியின் அறைக்கு வளர்ப்பின் முடிவையும் நாங்கள் முதலில் பார்க்கிறோம்.