அசல்: வாங்கிய விலைப் பிடிப்பும் மீளாச் செலவும்

என் பெரியப்பா தம் பங்குகளையெல்லாம் ஒரு பழைய டைரியில் குறித்து வைத்திருந்தார். ஒரு பக்கத்தில் ஒரு நூற்பாலையின் பெயர், அதன் கீழே 142 என்ற எண். அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம். பங்கு எண்பதுக்கு வந்தபோதும் நாற்பதுக்கு வந்தபோதும் அவர் சொன்னது ஒன்றுதான்: "அசல் வந்தால் போதும், விற்றுவிடுகிறேன்."

இந்த 'அசல்' என்ற சொல்லுக்குள் இரண்டு தனித்தனித் தவறுகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஒன்றின் பெயர் 'ஆங்கரிங்', மற்றொன்றின் பெயர் 'சங்க் காஸ்ட்'. தமிழில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதுகிறோம். பிரித்துப் பார்த்தால்தான் எது எங்கே பிடித்து இழுக்கிறது என்று தெரியும்.

முதலில் ஆங்கரிங். கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போன 'ஆங்கர்', வளைந்த கொக்கியைக் குறித்த சொல். நாம் புழங்கும் நங்கூரமும் பாரசீகத்து 'லங்கர்' தமிழுக்கு வந்து உருமாறியதுதான். உளவியலில் இந்தச் சொல்லை நிலைநிறுத்தியவர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும். 1974இல் வெளியான கட்டுரையில் அவர்கள் விவரித்த சோதனை எளியது. எண்கள் எழுதிய ஒரு சக்கரத்தைச் சுழற்றினார்கள். அது 10 அல்லது 65இல் மட்டும் நிற்கும்படி செய்யப்பட்டிருந்தது. பிறகு, ஐ.நா. சபை உறுப்பு நாடுகளில் எத்தனை சதவீதம் ஆப்பிரிக்க நாடுகள் என்று கேட்டார்கள். 10ஐப் பார்த்தவர்களின் இடைநிலை மதிப்பீடு 25, 65ஐப் பார்த்தவர்களுடையது 45. சக்கரத்துக்கும் கேள்விக்கும் தொடர்பே இல்லை. இருந்தும் முதலில் கண்ணில் பட்ட எண்ணை விட்டு மனம் அதிக தூரம் நகரவில்லை.

'நங்கூரமிடல்' என்ற நேர் மொழிபெயர்ப்பு எனக்கு நிறைவாக இல்லை. நங்கூரம் கப்பலை அசையாமல் நிறுத்துகிறது. இங்கே மனம் அசைகிறது, ஆனால் போதிய தூரம் அசைவதில்லை. கட்டுத்தறியில் கட்டிய மாடு கயிற்றின் நீளத்துக்கு மேய்வதைப் போன்றது இது. அதனால் பொதுப் பொருளில் 'எண் பிடிப்பு' என்றும், பங்கைப் பற்றிப் பேசும்போது 'வாங்கிய விலைப் பிடிப்பு' என்றும் எழுதலாம். பெரியப்பாவின் கட்டுத்தறி 142. பங்கு நாற்பதில் இருக்கும்போது 'அறுபதுக்காவது வரும்' என்பார். அந்த அறுபது ஆலையின் கணக்கிலிருந்து வந்ததல்ல, 142இலிருந்து இறங்கி வந்தது.

இரண்டாவது, சங்க் காஸ்ட். இதை 'மூழ்கிய செலவு' என்று பலரும் எழுதுகிறார்கள். கேட்டவுடன் கடலில் கவிழ்ந்த கப்பல் நினைவுக்கு வருகிறது. ஆங்கிலத்தில் அதே வினைச்சொல் கிணறு வெட்டுவதற்கும், ஒரு தொழிலில் பணத்தைப் போடுவதற்கும் வழங்குகிறது. வெட்டிய கிணற்றைத் திரும்ப மண்ணாக்கி விற்க முடியாது, கூலி கொடுத்தது கொடுத்ததுதான். இங்கே எடுத்துக்கொள்ள வேண்டிய பொருள் அதுவே. ஆகவே 'மீளாச் செலவு' என்பதே பொருந்தும். போனது திரும்பாது என்று தெரிந்தும், அது போனது என்பதாலேயே மேலும் போடுவதைப் பொருளியலறிஞர் ரிச்சர்ட் தேலர் 1980இல் ஆராய்ந்து எழுதினார். அதை 'மீளாச் செலவுப் பொறி' என்று சொல்லலாம்.

வேறுபாடு இதுதான்: விலைப் பிடிப்பு எப்போது விற்பது என்பதற்கு ஒரு பொய்யான எண்ணைக் கொடுக்கிறது. மீளாச் செலவு இன்னும் கொஞ்சம் வாங்கு என்று கையைப் பிடித்து இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து வேலை செய்வதை யெஸ் பேங்க் பங்கில் பார்க்கலாம்.

2018 ஆகஸ்டில் அந்தப் பங்கு 400 ரூபாயை ஒட்டிச் சென்றது. ஒருவர் 350 ரூபாயில் 100 பங்குகள் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். முதலீடு 35,000. செப்டம்பரில் வங்கியின் தலைமைச் செயல் அதிகாரியின் பதவிக்காலத்தை ரிசர்வ் வங்கி சுருக்கியது. ஒரே நாளில் பங்கு ஏறக்குறைய 30 சதவீதம் சரிந்து 225 ரூபாய்க்குப் பக்கத்தில் நின்றது. நம் ஆள் இன்னும் 100 வாங்குகிறார். சராசரி 287.50. அடுத்த ஆண்டு ஜூலையில் விலை நூறுக்குக் கீழே போகிறது. 90 ரூபாயில் 200 வாங்குகிறார். இப்போது அவரிடம் 400 பங்குகள், சராசரி 188.75.

செல்பேசித் திரையில் அவருக்குத் தெரிவது, 350ஆக இருந்த சராசரி 188.75 ஆகிவிட்டது என்பது. பாதி வேலை முடிந்ததுபோல் ஓர் ஆறுதல். திரையில் அந்த அளவுக்குக் கண்ணில் படாதது, சிக்கிய பணம் 35,000இலிருந்து 75,500 ஆகிவிட்டது என்பது. அந்த 'அசல்' வர 90 ரூபாய்ப் பங்கு இன்னும் 110 சதவீதம் ஏற வேண்டும். ஆவரேஜ் செய்வது என்று சந்தையில் சொல்கிறார்களே, அது சில நேரங்களில் கட்டுத்தறியைப் பிடுங்கிச் சற்றுக் கிட்டத்தில் ஊன்றுவது மட்டுமே.

2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி அந்த வங்கியில் பணம் எடுப்பதைக் கட்டுப்படுத்தித் தடைக்காலம் விதித்தது. மறுநாள் பங்கு ஆறு ரூபாய்க்கும் கீழே போய் வந்தது. சீரமைப்புத் திட்டத்தில் பாரத ஸ்டேட் வங்கி பங்கு ஒன்றுக்கு 10 ரூபாய் வீதம் பணம் போட்டது. கூடவே, பழைய பங்குதாரர்களில் நூறு பங்குகளுக்கு மேல் வைத்திருந்தவர்களின் 75 சதவீதப் பங்குகள் மூன்று ஆண்டுகளுக்கு முடக்கப்பட்டன. நம் ஆளின் 400இல் 300 கைக்கு எட்டாமல் போயின. 2023 மார்ச்சில் பூட்டு திறந்தபோது விலை 15 ரூபாய் அருகே இருந்தது. மொத்த மதிப்பு ஏறக்குறைய 6,000.

225இல் மேலும் வாங்கியது தவறு என்று பின்னால் நின்று சொல்வது எளிது. அந்த நாளில் அது ஏறவும் செய்திருக்கலாம். விழுந்த பங்கையெல்லாம் விற்க வேண்டும் என்பதும் என் கருத்தல்ல. கேட்க வேண்டியது காரணத்தைத்தான். 'வாராக்கடனைப் பற்றி எனக்கு இது தெரியும், அதனால் வாங்குகிறேன்' என்றால் அது முதலீடு. 'முதல்முறை 350இல் வாங்கிவிட்டேன், அதனால் வாங்குகிறேன்' என்றால் பொறி. ஒருவர் இந்தப் பொறியில் சிக்கியிருக்கிறாரா என்று அறிய ஒரு வழி: இன்று அவரிடம் இந்தப் பங்கே இல்லை, இதன் இன்றைய மதிப்பு ரொக்கமாகக் கையில் இருக்கிறது என்றால், அதைக் கொண்டு இதையே வாங்குவாரா? தயங்கினால், அவரைப் பிடித்து வைத்திருப்பது பங்கின் தரமல்ல, பழைய விலை.

'விற்றால்தானே நட்டம்' என்று ஆறுதல் சொல்பவர்களும் உண்டு. அமெரிக்கத் தரகு நிறுவனம் ஒன்றின் 10,000 கணக்குகளை ஆராய்ந்து நிதியியல் ஆய்வாளர் டெரன்ஸ் ஓடீன் 1998இல் வெளியிட்டது இங்கே பொருந்தும். முதலீட்டாளர்கள் லாபப் பங்குகளைச் சீக்கிரம் விற்று, நட்டப் பங்குகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விற்ற லாபப் பங்குகள் அடுத்த ஓராண்டில், விற்காமல் வைத்த நட்டப் பங்குகளைவிடச் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளிகள் கூடுதல் வருவாய் தந்தன.

இனி 'அசல்' என்ற சொல்லையே பார்ப்போம். அரபியில் அதற்கு வேர், மூலம் என்று பொருள். உருது வழியாகத் தமிழுக்கு வந்து, கடனில் வட்டி நீங்கலான தொகையைக் குறித்தது. கடன் கொடுத்தவருக்கு அசலைத் திருப்பித் தர ஒருவர் கடமைப்பட்டிருக்கிறார். பங்கு விஷயத்தில் அப்படித் திருப்பித் தரவேண்டியவர் யாருமே இல்லை. சந்தைக்கு நீங்கள் 350இல் வாங்கினீர்கள் என்பதே தெரியாது. கடன் சொல்லைப் பங்குக்குக் கொண்டுவந்ததால், வராத ஒன்றை நமக்கு வரவேண்டிய பாக்கி போலக் காத்திருக்கிறோம். 'வாங்கிய விலை' என்று சொல்லிப் பாருங்கள், உரிமை தொனிக்காது.

வாங்கிய விலைக்கு உண்மையில் வேலை இருக்கும் இடம் வருமான வரிக் கணக்கு. குறுகியகால மூலதன நட்டத்தை, குறுகியகாலம், நீண்டகாலம் இரண்டு வகை மூலதன லாபத்திலும் கழித்துக்கொள்ளலாம். நீண்டகால நட்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டும் கழிக்கலாம். மீதியை, கணக்கை உரிய தேதிக்குள் தாக்கல் செய்திருந்தால், எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச் செல்லலாம். பங்கை விற்றால்தான் இதெல்லாம். டைரியில் வட்டமிட்டு வைத்திருந்தால் கிடைக்காது.