மூட்டைக் கொழுக்கியும் பத்து நிமிடமும்: அடிதடிக்காக ஒருவரை உடனே வேலையால் நிறுத்தலாமா?

"சேர், ரெண்டு பேரையும் கலைச்சுப்போட்டன். கடிதத்தை மட்டும் நீங்கள் அடிச்சுத் தாங்கோ."

பரந்தன் பக்கத்து அரிசி ஆலை உரிமையாளர் ஒருவர் ஒரு சனிக்கிழமை மாலை தொலைபேசியில் சொன்னது இது. ஆட்களை அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். லொறிக்கு மூட்டை ஏற்றுபவருக்கு மூட்டைக் கணக்கில்தான் கூலி. தராசடியில் கணக்கெழுதும் பெடியன் இரண்டு மூட்டையைக் குறைத்து எழுதிவிட்டான். கேட்கப்போனவரின் தாயை இழுத்து ஒரு வார்த்தையும் சொன்னான். அவர் தள்ளினார், இவன் திருப்பி அறைந்தான், மற்றவர்கள் விலக்கிவிட்டார்கள். பத்து நிமிடம் கழித்து அவர் மூட்டைக் கொழுக்கியோடு திரும்பி வந்து, "வெளியில வாடா, குத்துறன்" என்று வீசினார். பெடியனின் கையில் மூன்று தையல்.

"சண்டை என்றால் இரண்டு பேரும் வெளியே" என்பது முதலாளிக்குச் சுலபம். வேலையால் நிறுத்தப்பட்டவர் முறையிடப் போகும் தொழில் நியாய சபை அப்படிப் பார்க்காது. ஒவ்வொருவரும் என்ன செய்தார், அதற்கு இந்தத் தண்டனை தகுமா என்று தனித்தனியாகக் கேட்கும். அதை நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியுடையதே.

இங்கே முக்கியம் அந்தப் பத்து நிமிடம். முதல் தள்ளுமுள்ளு சீண்டலால், சூட்டோடு சூடாக வந்தது. அதற்கு எச்சரிக்கைக் கடிதமோ சில நாள் இடைநிறுத்தமோ போதும். இரண்டாவது அப்படியல்ல. கோபம் ஆற நேரம் இருந்தும், போய் ஆயுதம் எடுத்து வந்திருக்கிறார். எட்டு வருடம் சுத்தமாக வேலை செய்தவர் என்றாலும், முன்னறிவித்தல் இல்லாமல் நிறுத்துவது நியாயம் என்பது என் கருத்து. கொழுக்கி படாமல் போயிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். பெடியனை நிறுத்தினால் நியாய சபையில் நிற்காது.

வெறும் வாய் மிரட்டல் கொஞ்சம் சிக்கலானது. "கொண்டுபோடுவன்" என்பது எங்கள் பக்கம் பகிடியிலும் வரும். அதனால் வார்த்தையை மட்டும் பார்க்காமல், கையில் என்ன இருந்தது, வேலை முடிந்து படலையடியில் காத்து நின்றாரா, இரவு மறுபடி போன் எடுத்து மிரட்டினாரா என்று விசாரிப்பேன்.

சரி, உரிமையாளரிடம் வருவோம். வாயால் கலைத்ததைத் திருப்பி எடுத்து, விசாரணை முடியும்வரை இருவருக்கும் பணி இடைநிறுத்தக் கடிதம் கொடுக்கச் சொன்னேன். அன்றிரவே நான்கு பேரிடம் தனித்தனியாக வாக்குமூலம் எழுதி வாங்கினோம். அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆலையில் பாதிப்பேர் ஆளுக்காள் சொந்தம். திங்கட்கிழமைக்குள் ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேசிவிடுவார்கள், அப்புறம் எல்லோருமே "நான் அந்த நேரம் தண்ணி குடிக்கப் போயிட்டன்" என்பார்கள். கமெரா பதிவும் சில நாளில் அழிந்துவிடும் என்பதால் அதையும் பிரதி எடுத்து வைத்தோம்.

பிறகு நேரம், இடம், செயல் எல்லாம் குறித்த குற்றப்பத்திரம் கொடுத்து, பதில் சொல்ல ஒரு வாரம் விட்டோம். விசாரணையை உரிமையாளர் நடத்தவில்லை, வெளியாள் ஒருவர் நடத்தினார்.

இடையில் உரிமையாளருக்கு ஓர் ஆசை வந்தது. "சீசன் முடியுமட்டும் வேலை செய்யட்டும், பிறகு நிப்பாட்டுவம்." வேண்டவே வேண்டாம் என்றேன். ஒரு நாள்கூட வைத்திருக்க முடியாத அளவுக்குப் பாரதூரமான குற்றம் என்பதால்தான் முன்னறிவித்தல் இல்லாமல் நிறுத்துகிறோம். இரண்டு மாதம் மூட்டை தூக்க வைத்துவிட்டு அதைச் சொன்னால் யார் நம்புவார்? ராஜினாமா எழுதி வாங்கலாமா என்றும் கேட்டார். மிரட்டி வாங்கிய ராஜினாமாவை நியாய சபை பணிநீக்கமாகவே எடுத்துக்கொள்ளும்.

அந்த ஆலையில் 15 பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். அப்படிப்பட்ட இடங்களுக்குப் பொருந்தும் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, ஒழுக்காற்றுக் காரணத்துக்காக ஒருவரை நிறுத்தினால், அதன் பின் இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். விசாரணை முடிந்து மூட்டை ஏற்றுபவரை நிறுத்திய அன்றே நாங்கள் அதைக் கொடுத்தோம். நியாய சபைக்குப் போக அவருக்கு ஆறு மாதம் இருக்கிறது என்பதையும் உரிமையாளருக்குச் சொல்லிவைத்தேன்.

பெரிய சண்டை பணிக்கொடையில்தான் வந்தது. "வெட்டினவனுக்கு நான் காசு குடுக்கிறதோ?" கொடுக்கத்தான் வேண்டும். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி மோசடி, பணக் கையாடல், முதலாளியின் சொத்துக்கு வேண்டுமென்றே சேதம் அல்லது இழப்பு ஏற்படுத்தியமை ஆகியவற்றுக்காக நிறுத்தினால்தான் அதைப் பிடிக்கலாம், அதுவும் நட்டத்தின் அளவுக்கு மட்டும். அடிதடி அந்தப் பட்டியலில் இல்லை. மாதச் சம்பளம் இல்லாதவருக்கு வருடத்துக்கு 14 நாள் கூலி, எட்டு வருடத்துக்கு 112 நாள். முப்பது நாளுக்குள் கட்ட வேண்டும். இருபத்தெட்டாம் நாள் காசோலையில் கையெழுத்து வைத்தார், என்னைத் திட்டிக்கொண்டே.