பட்டையா, தொடர்கோடா, சிதறலா: ஒரு ஊசலும் மூன்று வரைபடங்களும்

ஆங்கிலத்தில் கிராஃப் என்ற சொல்லுக்கு வேர் கிரேக்கம். கீறுவது, எழுதுவது, வரைவது எல்லாவற்றுக்கும் அங்கே ஒரே வினைதான். தமிழிலும் அப்படியே: ஓவியத்தை ‘எழுதினார்கள்’, கண்ணுக்கு மை ‘எழுதினார்கள்’. சார்ட் என்பது தாளைக் குறித்த சொல்லிலிருந்து வந்து, கடற்படத்துக்கும் அட்டவணைக்கும் பரவியது. நம் ‘வரைபடம்’ இந்த இரண்டின் சுமையையும் சேர்த்துத் தூக்குகிறது. இந்திய வரைபடமும் வரைபடம்தான், ஊசலின் அலைவு நேரத்தைக் காட்டுவதும் வரைபடம்தான். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் கணக்கில் வருவதை ‘வரைபு’ என்று தனியாகப் பிரித்துவிட்டன. அது நல்ல பிரிவு. தமிழ்நாட்டு மாணவருக்குப் பழகியது வரைபடம் என்பதால் இங்கே அதையே எழுதுகிறேன்.

பெயரின் முன்பாதியில்தான் செய்தி இருக்கிறது. பட்டை, கோடு, சிதறல் என்ற மூன்றும் மூன்று அலங்காரங்கள் அல்ல, தரவைப் பற்றிய மூன்று வேறு வாக்குமூலங்கள். பதினொன்றாம் வகுப்பு ஆய்வகத்தில் தொங்கும் தனி ஊசல் ஒன்றை எடுத்துக்கொண்டால் மூன்றுக்கும் அதிலேயே தரவு கிடைக்கும்.

பட்டை என்றால் நீண்டு ஒடுங்கிய துண்டு. தமிழ்நாட்டில் பட்டை விளக்கப்படம், இலங்கையில் சலாகை வரைபு. இந்த வடிவம் பிறந்த கதையிலேயே அதன் பயனும் அடங்கியிருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் 1786இல் வணிகக் கணக்குகளைப் படங்களாக்கி ஓர் அட்லஸ் வெளியிட்டார். மற்ற படங்களுக்கு அவரிடம் பல ஆண்டுகளின் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்கு இருந்தது, ஆகவே கோடு இழுத்தார். ஸ்காட்லாந்துக்கு மட்டும் 1781 கிறிஸ்துமஸோடு முடிந்த ஒரே ஆண்டின் கணக்குதான் கைக்குக் கிடைத்தது. அந்நாடு 17 இடங்களோடு செய்த வாணிகம் அதில் இருந்தது. ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவில் எதுவும் இல்லையே, அங்கே கோட்டை எப்படி இழுப்பது? ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பட்டை போட்டார். காலம் இடம்பெறாத இந்தப் படம் மற்றவற்றைவிடத் தாழ்ந்தது என்று அவரே குறைபட்டுக்கொண்டார். என் பார்வையில் அவர் செய்தது மிகச் சரியான தேர்வு.

ஊசலில் இதற்கு நிகரான கேள்வி: குண்டு எதனால் ஆனது என்பது அலைவு நேரத்தை மாற்றுமா? நூலின் நீளத்தை 100 செ.மீ. என்று நிறுத்தி இரும்பு, பித்தளை, மரம் என்று மூன்று குண்டுகளை மாற்றி மாற்றித் தொங்கவிடுகிறோம். 2.01, 2.00, 2.02 நொடி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரும்புக்கும் பித்தளைக்கும் நடுவே ‘பாதி இரும்பு’ என்று ஒரு இடம் அச்சில் கிடையாது. மூன்றையும் எந்த வரிசையில் வைத்தாலும் பொருள் மாறாது. வரிசையைக் கலைத்தாலும் தரவு கெடவில்லை என்றால் அது பட்டைக்குரிய தரவு.

ஆனால் பட்டையில் கண் படிப்பது அதன் முழு உயரத்தை. அதனால் செங்குத்து அச்சு சுழியில் தொடங்கியே ஆக வேண்டும். இந்த மூன்று எண்களுக்கு அச்சை 1.99இல் தொடங்கினால் மரக்குண்டின் பட்டை பித்தளையுடையதைப் போல மூன்று மடங்கு நிற்கும். உண்மையான வேறுபாடோ நூற்றில் ஒரு பங்கு. 20 அலைவுகளுக்கு நேரம் எடுக்கும்போது நிறுத்துகடிகாரத்தை அழுத்தும் விரல் 0.2 நொடி பிசகினாலே ஓர் அலைவுக்கு 0.01 நொடி வந்துவிடும். அப்படியானால் இந்த வேறுபாடு பெரும்பாலும் விரலின் வேலை, குண்டின் வேலை அல்ல. ஒவ்வொரு குண்டுக்கும் ஐந்து முறை அளந்திருந்தால் அந்த ஐந்து அளவீடுகளையும் பட்டையின் மேல் சிறு புள்ளிகளாக வைத்துவிடுவது நல்லது. மூன்று குண்டுகளின் புள்ளிகளும் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதைப் பார்ப்பவர் தாமே கண்டுகொள்வார்.

அடுத்தது கோட்டு வரைபடம். இந்தப் பெயரில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சிலர் இதை ‘நேர்கோட்டு வரைபடம்’ என்றே எழுதிவிடுகிறார்கள். அது வேறு பொருள்: ஒருபடிச் சமன்பாட்டுக்கு வருவதுதான் நேர்கோடு. இங்கே கோடு வளையலாம், மடங்கலாம், ஏறி இறங்கலாம். ஒரு அளவீட்டிலிருந்து அடுத்ததுக்குத் தொடர்ந்து செல்கிறது என்பதே அதன் குணம். அதனால் ‘தொடர்கோட்டு வரைபடம்’ என்பது பொருத்தமாக இருக்கும்.

ஊசலை 10 செ.மீ. வீச்சில் விட்டு, நிமிடத்துக்கு ஒரு முறை வீச்சைக் குறித்துக்கொண்டு வந்தால் அது சிறிது சிறிதாகக் குறையும். அதே குண்டு, ஒரே ஓட்டம், காலத்தின் வரிசை. மூன்றாம் நிமிடப் புள்ளியையும் நான்காம் நிமிடப் புள்ளியையும் இணைக்கும்போது, ‘நான் பார்க்காத அந்த ஒரு நிமிடத்தில் வீச்சு இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ இருந்தது’ என்று சொல்கிறோம். அதைச் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது, ஏனென்றால் குண்டு அந்த நிமிடம் முழுதும் ஆடிக்கொண்டேதான் இருந்தது. ஐந்தாம் நிமிடத்தில் யாரோ மின்விசிறியைப் போட்டிருந்தால் கோடு அந்த இடத்தில் மடங்கிக் காட்டும். நடந்ததை நடந்தபடி பின்தொடர்வதுதான் இந்த வரைபடத்தின் பலம்.

சிதறல் வரைபடத்துக்கு வேலை வேறு. வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1833இல் வெளியிட்ட கட்டுரையில், கன்னி விண்மீன் குழுவிலுள்ள ஓர் இரட்டை விண்மீனின் கோண அளவீடுகளை ஆண்டுகளுக்கு எதிராகப் புள்ளிகளாகக் குறித்தார். ஒவ்வொரு அளவீட்டிலும் பிழை இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே புள்ளிகளை வரிசையாக இணைக்கவில்லை. அவற்றிலிருந்து கூடியமட்டும் விலகாமல், அவற்றின் வழியாக அல்ல, அவற்றின் நடுவே செல்லும் வளைகோட்டைக் கையால் வரைந்தார். சிக்குக் கோலத்தில் கம்பி புள்ளியைத் தொடாமல் புள்ளிகளுக்கு நடுவே ஓடுவதைப் போல. ‘சிதறல்’ என்ற பெயர் புள்ளிகள் கிடக்கும் கோலத்தை மட்டும் சொல்கிறது. தேடுவது அந்தச் சிதறலுக்குள் இருக்கும் உறவை. இயற்பியலில் ஒளிச்சிதறலும் புள்ளியியலில் சிதறல் அளவைகளும் இருப்பதால் இந்தச் சொல்லுக்கு நெரிசல் அதிகம்தான். ஆனாலும் நிலைத்துவிட்டது, மாற்ற வேண்டியதில்லை.

ஊசலின் நீளத்துக்கும் அலைவு நேரத்துக்கும் உள்ள உறவு இங்கே வருகிறது. நீளம் 0.20, 0.30, 0.40, 0.60, 1.00 மீட்டர். அலைவு நேரத்தின் வர்க்கம் 0.81, 1.21, 1.61, 2.42, 4.03. இரண்டும் எண்கள். நீளம் நாம் தேர்ந்தது, நேரம் அதற்கு ஊசல் தந்த பதில். 0.40க்கும் 0.60க்கும் நடுவில் 0.50 என்ற நீளம் மெய்யாகவே உண்டு, ஆனால் ஒவ்வொரு நேரமும் தனித்தனியாக அளந்தது, தனித்தனிப் பிழையோடு வந்தது. புள்ளிக்குப் புள்ளி கோடு இழுத்தால் விரலின் பிசகையும் இயற்கையின் வளைவாக வரைந்தவர் ஆவோம். புள்ளிகளை வைத்து, நடுவே ஒரே பொருத்தக் கோடு இழுக்க வேண்டும். அதன் சாய்வு ஏறத்தாழ 4.03 வருகிறது. புவியீர்ப்பு முடுக்கம் இப்படிக் கிடைக்கும்:

```
g = 4π² / 4.03 = 9.8 m/s²
```

கணினியில் வரைபவர்கள் வழுக்கி விழுவது இந்த இடத்தில். விரிதாள் மென்பொருளில் `Line` என்பதைத் தேர்ந்தால் கிடைமட்ட அச்சிலுள்ள எண்களை அது வெறும் பெயர்களாக எடுத்துக்கொண்டு சம இடைவெளியில் வைத்துவிடும். 0.20க்கும் 0.30க்கும் உள்ள அதே தூரம்தான் 0.60க்கும் 1.00க்கும். நேராக இருக்க வேண்டிய புள்ளிகள் கடைசியில் மேல்நோக்கி வளையும். அதன்மேல் பொருத்தக் கோடு கேட்டால், நீளங்களை மறந்து 1, 2, 3, 4, 5 என்ற எண்களுக்குக் கோடு பொருத்தும். சாய்வு 0.765 வரும். அதைச் சூத்திரத்தில் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 51.6 என்று வந்து நிற்கும். விடை இப்படித் தாறுமாறாக இருந்தால் சூத்திரத்தைச் சந்தேகிப்பதற்கு முன் அச்சைப் பாருங்கள். சமமில்லாத எண்கள் சம இடைவெளியில் உட்கார்ந்திருந்தால் தவறு அங்கேதான். `Scatter` என்பதற்கு மாற்றினால் எண்கள் தம் இடத்துக்குப் போய்விடும். நீளங்களைச் சம இடைவெளியில் எடுத்திருந்தால் புள்ளிகள் நேராகவே தெரியும், அப்போது இந்தத் தவறு கண்ணில் படாது. சாய்வு மட்டும் பிழையாக வரும்.

இதே ஐந்து அளவீடுகளைப் பட்டையாகப் போட்டாலும் நீளம் கூடினால் நேரம் கூடுகிறது என்பது தெரியத்தான் செய்யும். தெரியாமல் போவது வேறொன்று. நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் கொக்கி வரை மட்டும் அளந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மையம் அதற்கு 1 செ.மீ. கீழே இருந்தால் ஒவ்வொரு நீளமும் 1 செ.மீ. குறைவாகப் பதிவாகும். சிதறல் வரைபடத்தில் சாய்வு மாறாது, ஆனால் பொருத்தக் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகாமல் செங்குத்து அச்சை 0.04இல் வெட்டும். அந்த வெட்டுத்துண்டைச் சாய்வால் வகுத்தால் விடுபட்ட 1 செ.மீ. திரும்பக் கிடைத்துவிடும். நீளத்துக்குரிய அச்சு உண்மையான எண் அச்சாக இருப்பதால் மட்டுமே இது முடிகிறது.

செய்முறைக் குறிப்பேட்டில் காரணம் எழுதச் சொன்னால், ‘பார்க்கத் தெளிவாக இருப்பதால்’ என்று பலர் எழுதுகிறார்கள். அது எந்த வரைபடத்துக்கும் பொருந்தும், ஆகவே காரணமே ஆகாது. தரவின் இயல்பைச் சொல்ல வேண்டும். குண்டுகளுக்கு: ‘பொருள் வகைகளுக்கு இடையே இடைநிலை மதிப்பு இல்லை, வரிசையும் இல்லை. ஆகவே இடைவெளி விட்ட பட்டைகள், அச்சு சுழியில் தொடக்கம்.’ வீச்சுக்கு: ‘ஒரே ஊசலைத் தொடர்ந்து காலவரிசையில் அளந்தேன். அளவீடுகளுக்கு நடுவிலும் வீச்சு தொடர்ந்து மாறியது. ஆகவே தொடர்கோடு.’ நீளத்துக்கு: ‘இரண்டும் தொடர் எண்கள், ஒவ்வோர் அளவீடும் தனியே பிழை உடையது, தேடுவது இவற்றின் உறவு. ஆகவே சிதறல் புள்ளிகளும் ஒரு பொருத்தக் கோடும்.’