பேப்பர் டிரேடிங்: சொல்லும் பொருளும்

பங்குச் சந்தைக்குப் புதிதாக வருகிறவர் காதில் முதலில் விழும் சொற்களில் ஒன்று பேப்பர் டிரேடிங். சொந்தப் பணம் போடாமல், கணக்கில் காட்டப்படும் கற்பனைப் பணத்தை வைத்து வாங்கி விற்றுப் பழகுவதற்கு அந்தப் பெயர். கணினி வராத காலத்தில் பழகுநர்கள் செய்தித்தாளில் வந்த விலையைப் பார்த்து, "இன்று இந்த விலைக்கு வாங்கினேன், இன்று விற்றேன்" என்று தாளில் எழுதிக் கணக்குப் போட்டார்கள். தாள் போய்ச் செயலி வந்த பிறகும் பெயர் மாறவில்லை. அந்நியச் செலாவணிச் சந்தைக்காரர்கள் இதையே டெமோ அக்கவுண்ட் என்பார்கள்.

தமிழில் 'காகித வர்த்தகம்' என்று எழுதுகிறார்கள். படித்தால் காகிதம் விற்கும் கடை என்றுதான் தோன்றுகிறது. செயலுக்கு 'ஒத்திகை வணிகம்', கணக்குக்கு 'பயிற்சிக் கணக்கு', அதிலுள்ள தொகைக்கு 'மெய்நிகர் பணம்' என்பது என் தேர்வு. ஒத்திகை என்றதும் இன்னும் மேடை ஏறவில்லை என்பது புரிந்துவிடும். 'ஏட்டு வணிகம்' என்றும் சொல்லலாம், ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழி உடனே குறுக்கே வந்து நிற்கும். அந்தப் பழமொழி இங்கே பாதி உண்மை.

உதவும் பாதியை முதலில் பார்ப்போம். புதியவர் பணம் இழப்பது தவறான பங்கைத் தேர்ந்தெடுப்பதால் மட்டும் அல்ல, தவறான பொத்தானை அழுத்துவதாலும்தான். ஒருவர் 100 பங்குகளை, அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடே முறையில், தலா 200 ரூபாய்க்கு வாங்கி, 196-க்கு வந்தால் விற்றுவிடும்படி ஸ்டாப்லாஸ் போடுகிறார் என்று வையுங்கள். விலை 202-க்கு ஏறியதும் கையால் விற்று லாபம் பார்த்துவிடுகிறார். ஆனால் ஸ்டாப்லாஸை ரத்து செய்ய மறந்துவிட்டார். சற்று நேரத்தில் விலை 196-க்கு இறங்க, அந்தப் பழைய ஆர்டர் உயிர்பெறுகிறது. கையில் இல்லாத 100 பங்குகள் விற்கப்பட்டு, அவற்றைப் பிறகு வாங்கிக் கொடுத்தாக வேண்டிய ஒரு ஷார்ட் நிலை அவரே அறியாமல் உருவாகிவிடுகிறது. இனி விலை ஏற ஏற நஷ்டம். இதைப் பயிற்சிக் கணக்கில் ஒரு தடவை பட்டுவிட்டால் போதும், அப்புறம் விற்றவுடன் கண் தானாக ஆர்டர் பட்டியலுக்குப் போகும். நாம் குறித்த விலை கிடைத்தால்தான் நிறைவேறும் லிமிட் ஆர்டருக்கும், அப்போது கிடைக்கும் விலைக்கே நிறைவேறும் சந்தை விலை ஆர்டருக்கும் உள்ள வேறுபாடும் இப்படித்தான் விரலுக்குப் பழகும்.

உதவாத பாதி லாபக் கணக்கில் இருக்கிறது. அதே 200, 202 வணிகத்துக்குப் பல பயிற்சிக் கணக்குகள் 200 ரூபாய் லாபம் காட்டும், ஏனென்றால் கடைசியாக நடந்த விலையிலேயே ஆர்டர் நிறைவேறியதாக அவை எடுத்துக்கொள்கின்றன. நிஜச் சந்தையில், அதிகம் கைமாறாத பங்கு என்றால், விற்பவர் 200.40 கேட்பார், வாங்குபவர் 201.60-தான் தருவார். லாபம் 120 ஆகிவிட்டது. ஒரு ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்கும் தரகராக இருந்தால் இரண்டுக்கும் 40. ஜிஎஸ்டி, பரிவர்த்தனை வரி, முத்திரைக் கட்டணம், சந்தைக் கட்டணம் எல்லாம் சேர்த்து இன்னும் 14 ரூபாய் போல. மிச்சம் 66. திரையில் வெற்றியாகத் தெரிந்த ஒரு வழிமுறை நடைமுறையில் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

லிமிட் ஆர்டரிலும் ஒரு மயக்கம் உண்டு. விலை நீங்கள் சொன்ன புள்ளியைத் தொட்டதுமே பயிற்சிக் கணக்கு "வாங்கியாச்சு" என்று காட்டிவிடலாம். சந்தையிலோ அதே விலைக்கு உங்களுக்கு முன்பே ஆர்டர் போட்டவர்கள் வரிசையில் நிற்பார்கள். உங்கள் முறை வருவதற்குள் விலை திரும்பிவிடலாம்.

அதனால் கணக்கைத் திறந்ததும் தொகையை மாற்றுங்கள். செயலி தாராளமாக 10 லட்சம் கொடுக்கும். உங்களால் நிஜமாகப் போட முடிவது 20,000 என்றால் அங்கேயும் 20,000-தான் இருக்க வேண்டும். தொகை தீர்ந்ததும் 'ரீசெட்' அழுத்தி மீண்டும் நிரப்பினால் அது விளையாட்டு. ஒவ்வொரு வணிகத்துக்கும் ஏன் வாங்கினோம், எங்கே வெளியேறுவோம் என்பதை வாங்கும் முன்பே எழுதி, மேலே சொன்ன செலவுகளைக் கையால் கழித்துவிடுங்கள். பழைய தாள் முறை இந்த இடத்தில் இன்னும் நல்லது! பணம் போகும்போது வரும் பதற்றத்தை மட்டும் எந்த ஒத்திகையும் தராது. அதை ஒற்றைப் பங்கு வாங்கித்தான் பழக வேண்டும்.

இந்தியாவில் இன்னொரு சங்கதி. 2024 மே மாதம் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி, மெய்நிகர் வணிகத்துக்கும் அதுபோன்ற விளையாட்டுகளுக்கும் சந்தையின் உடனடி விலைத் தரவை மூன்றாம் தரப்பினருக்குத் தருவதைத் தடுத்தது. ஆகவே பழைய விலையில் பழக நேர்ந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். நுழைவுக் கட்டணம் வாங்கி, மெய்நிகர் லாபத்துக்கு நிஜப் பரிசு தரும் செயலிகள் வேறு வகை. ஒத்திகைக்குப் பணம் கேட்டாலோ, காட்டிய லாபத்தை எடுக்க 'முன்பணம்' கட்டச் சொன்னாலோ, அந்தச் செயலியை அப்போதே நீக்கிவிடுங்கள்.